அப்பா நின்னுட்டாரு

டைல்ஸ்காரர் தன் மகளுக்கு முன்னால் தினமும் இரவு எட்டு மணிக்குத் தவறாமல் நின்றுபோவார். வாய் பாதி திறந்திருக்கும். ஒரு கண் மூடப்போகும், மூடாது. தும்மப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு அப்படியே இருப்பார். அவருடைய பிழைப்பில் இது ஒரு பங்கு என்றே அந்த வீட்டில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெளிநாட்டில் பகலில் டைல்ஸ் ஒட்டுவார், இரவில் நின்றுபோவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் நிற்பது அவருக்குத் தெரியாது. அவருடைய போனில் மகள் ஜோராக ஓடிக்கொண்டிருப்பாள். தலையைச் சொறிவாள், பென்சிலைக் கடிப்பாள், அவள் குரல் மணி மாதிரி வரும். மூலையில் சின்னக் கட்டத்தில் அவருடைய முகமும் நன்றாக அசைந்துகொண்டிருக்கும். அப்படியிருக்க மகள் திடீரென்று உள்ளே திரும்பி, "அம்மா, அப்பா நின்னுட்டாரு!" என்று கத்துவாள்.

"நான் எங்கம்மா நின்னேன்? இதோ பாரு, கை ஆட்டறேன்" என்று இவர் இரண்டு கையையும் ஆட்டுவார். அது போய்ச் சேராது.

மனைவி வந்து எட்டிப் பார்ப்பாள். "ஆமா, நின்னுட்டாரு. வந்தா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பாலுக்குக் காவல் வைப்பதுபோல மகளை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டுப் போவாள்.

இவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மகளுக்கு ஒன்றரை வயது. இப்போது ஏழு. நடுவில் இரண்டு முறை விடுமுறையில் போய் வந்தார். முதல் முறை அவள் அவரைப் பார்த்து அழுதாள். இரண்டாம் முறை அழவில்லை, அவரைத் தாண்டி மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள். அப்பா என்றால் அவளுக்குப் போனுக்குள் இருக்கும் ஒரு ஆள். ஆகவே அந்த ஒரு மணிநேரம்தான் அவர் அப்பாவாக இருக்கிற நேரம். அதிலும் பாதி நேரம் நின்றுபோனால், மனிதன் என்னதான் செய்வான்? கோபப்படுவான். கோபம் மனைவிமேல் போயிற்று.

"கோளாறு உன் பக்கம்தான். எனக்கு நீங்க தெளிவாத் தெரியறீங்க. என் மூஞ்சியும் எனக்கு நல்லாத் தெரியுது. அப்ப என் பக்கம் என்ன கோளாறு இருக்க முடியும்?"

வாதம் அசைக்க முடியாததாகத் தெரிந்தது. மனைவி சிம் மாற்றினாள். மொட்டைமாடிக்குப் போய்ப் பேசிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வைஃபையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கடைசியில் புதுப் போனே வாங்கினாள். புதுப் போனில் அவர் இன்னும் துல்லியமாக நின்றார். மூக்கில் ஒட்டியிருந்த சிமெண்ட் பொடிகூடத் தெரிந்தது.

"இனிமே என்ன மாத்தறது? வீட்டையா, என்னையா?" என்று கேட்டாள். அதற்கு அவர் பதில் சொன்னார். அதுவும் போய்ச் சேரவில்லை. சேராததே நல்லது.

காவல் இருக்கும் மகள் சும்மா இருப்பவள் இல்லை. நின்றுபோன அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு பேச ஆரம்பிப்பாள். படமே நிற்கும்போது காது மட்டும் எப்படிக் கேட்கும் என்பது அவள் கணக்கு. அதனால் மனத்தில் இருப்பதை எல்லாம் அந்த முகத்திடம் கொட்டுவாள். எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு 'கா' விட்டது, டீச்சரின் செருப்பு ஏன் சத்தம் போடுகிறது, தட்டில் மிச்சம் வைத்த காய் எந்த வழியாக ஜன்னலுக்கு வெளியே போனது, எல்லாம் வரும். லைன் இருக்கும்போது அவள் பேச்சு வேறு மாதிரி. "சாப்பிட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." நின்றுபோன அப்பாவுக்குத்தான் யோகம்.

டைல்ஸ்காரர் கட்டிலில் சாய்ந்துகொண்டு அத்தனையும் கேட்பார். பதிலும் சொல்வார். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொல்வார். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. வாயால் கோளாறைத் திட்டிக்கொண்டே மனசுக்குள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்றைக்கு அவர் வழக்கம்போல நின்றுபோனார். மனைவி வழக்கம்போல அடுப்படிக்குப் போனாள். மகள் உடனே பேசவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தாள். போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தாள்.

"அப்பா, கிளாஸ்ல தண்ணி டிரம்மு இருக்குல்ல, அதோட குழாய் கழண்டு விழுந்துடுச்சு. கிளாஸ் ஃபுல்லா தண்ணி. எல்லாரோட பையும் நனைஞ்சிடுச்சு. கடைசியா நான்தான் தண்ணி குடிச்சேன். அதனால நான்தான் உடைச்சேன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க."

டைல்ஸ்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"டீச்சர் திங்கக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நான் இன்னும் அம்மாகிட்ட சொல்லல. நீயும் சொல்லிடாதே. நான் உடைக்கலப்பா. சும்மா திறந்தேன், கையோட வந்துடுச்சு. நீ நம்புறியா?"

"நம்புறேம்மா!" என்றார் டைல்ஸ்காரர். "பாப்பா, நம்புறேன்! அந்தக் குழாயெல்லாம் பிளாஸ்டிக்கும்மா, மரை தேஞ்சா தானாக் கழண்டுக்கும். நீ உடைக்கல!" அறையில் இருந்த ஏழு பேரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார்.

மகள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் நம்பாத முகம்போல அது இருந்தது. பிறகு "சரி, விடு" என்று சொல்லி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அவருக்குத் திரை முழுக்க இருட்டு.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்லலாமென்றால், சொல்லாதே என்றிருக்கிறாள். மகளிடமே 'எனக்குக் கேட்டுச்சு' என்று சொல்லிவிடலாமென்றால், நின்றுபோன அப்பாவுக்கும் காது உண்டு என்று தெரிந்த அடுத்த நிமிஷம் அவள் வாயை மூடிக்கொள்வாள். பிறகு ஜென்மத்துக்கும் "ம்"தான். அவளாக மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் பதில் போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமைக்குள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டடுக்குக் கட்டில் நாலு, ஆட்கள் எட்டு, ஜன்னல் ஒன்று, வைஃபை பெட்டி ஒன்று. பெட்டிக்குள் ஒரு சிம் இருந்தது. எட்டுப் பேரின் குடும்பங்களும் அந்தச் சிம் வழியாகத்தான் வந்து போயின. இரவு பத்து மணிக்குக் கட்டடக் காவலாளி அதன் மின்சாரத்தை அணைத்துவிடுவார். தூங்காத தொழிலாளி மறுநாள் சாரத்திலிருந்து விழுவான் என்பது நிர்வாகத்தின் கருத்து. வேலைநேரத்தில் தண்ணீர் கொடுப்பதைப் பற்றி நிர்வாகத்துக்கு அவ்வளவு திடமான கருத்து இல்லை.

எட்டுப் பேரில் ஒருவர் கேபிள்காரர். புதுக் கட்டடங்களில் நெட் கேபிள் இழுப்பது அவர் வேலை. அறையில் யாருக்கு நெட் போனாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் "பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நாள் பூரா கேபிள் இழுத்தவனிடம் ராத்திரியும் கேபிளைப் பற்றிப் பேசினால் வேறென்ன சொல்வான்? டைல்ஸ்காரரும் இத்தனை நாளாக அதற்கு மேல் கேட்டதில்லை. கோளாறுதான் வீட்டுப் பக்கமாயிற்றே.

புதன்கிழமை மாலை டைல்ஸ்காரர் கேபிள்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "தம்பி, ஒரு ஞாயிறு துணி துவைக்கிறேன் உனக்கு. இதைக் கொஞ்சம் பாரு."

கேபிள்காரர் எழுந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை அவருக்குத் தெரியும். "ரெண்டு ஞாயிறுண்ணே."

"ரெண்டு."

விவரத்தைக் கேட்டார். மகள் தெளிவாகத் தெரிகிறாள், குரலும் வருகிறது, ஆனால் இவர்தான் அங்கே நிற்கிறார் என்றதும் கேபிள்காரர் கொட்டாவி விட்டார்.

"அப்ப கோளாறு உங்க பக்கம்தாண்ணே."

"என் பக்கமா? என் மூஞ்சி எனக்கு நல்லாத்தானே தெரியுது?"

"அந்தச் சின்னக் கட்டத்துல தெரியறது போய்ச் சேர்ற படம் இல்லண்ணே. உங்க கேமரா பாக்கற படம். கண்ணாடி மாதிரி. கண்ணாடியில உங்க மூஞ்சி தெரிஞ்சா, ஊர்ல இருக்கறவங்களும் பாத்துட்டாங்கன்னு அர்த்தமா?"

மாற்றிய சிம்மும் புதுப் போனும் மொட்டைமாடியும் ஒவ்வொன்றாக டைல்ஸ்காரர் கண்முன் வந்து போயின.

"வர்ற வழி வேற, போற வழி வேற" என்றார் கேபிள்காரர். "இந்தப் பெட்டியில வர்றதுக்கு அகலமான ரோடு. போறதுக்கு ஒத்தையடிப் பாதை. எல்லாரும் பாக்கத்தானே செய்யறாங்க, அனுப்பறவன் கம்மி, அப்படித்தான் வெச்சிருப்பாங்க. பாப்பா படம் உங்களுக்கு வர்றது ரோட்டுல. உங்க படம் பாப்பாவுக்குப் போறது பாதையில. பாதையில எவனோ வண்டியைக் குறுக்க விட்டிருக்கான். படம் போகாது. குரல் சின்னதுதான், இடுக்குல நுழைஞ்சுடும், ஆனா ரொம்ப அடைச்சா அதுவும் போகாது. அங்க இருக்கற போன் என்ன பண்ணும்? கடைசியா வந்த படத்தை வெச்சுக்கிட்டு அடுத்தது வரும் வரும்னு பாத்துக்கிட்டு இருக்கும். அதுதான் நீங்க நிக்கிறது."

"எவன் குறுக்க விட்டது?" என்று டைல்ஸ்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் மேல்கட்டிலில் இருந்த பெயிண்டர்மேல் போய் நின்றது. பெயிண்டர் தினமும் இரவு படம் பார்ப்பார். அதற்காகவே டைல்ஸ்காரர் அவரை மாதக்கணக்கில் ஜாடையாகத் திட்டியிருந்தார்.

"படம் பாக்கறது வர்ற ரோடுண்ணே. அவரு மேல பழி இல்ல" என்றார் கேபிள்காரர்.

"கேட்டுக்கங்க" என்றார் மேல்கட்டிலிலிருந்து பெயிண்டர். படத்தை நிறுத்தவில்லை.

கேபிள்காரர் தன் போனில் வேகம் அளந்து பார்த்தார். வருவது முப்பதைத் தாண்டிக் காட்டியது. போவது அரைகூட இல்லை. பிறகு எட்டுப் பேரையும் வைஃபையை அணைக்கச் சொன்னார். ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே அளந்தார். பெயிண்டர் சேர்ந்தார், போகிற வேகம் குறையவில்லை. வெல்டர் சேர்ந்தார், குறையவில்லை. இப்படி ஏழு பேரும் உள்ளே வந்தார்கள். போகிற வழி காலியாகவே கிடந்தது. எட்டாவதாக டைல்ஸ்காரர் சார்ஜில் கிடந்த தன் போனைச் சேர்த்தார். போகிற வேகத்தின் முள் அடியில் போய் விழுந்தது.

பெயிண்டர் படத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"போனைக் குடுங்கண்ணே."

கேபிள்காரர் உள்ளே போய்த் தேடினார். எந்த ஆப் எவ்வளவு நெட் தின்றிருக்கிறது என்ற பட்டியலில் முதலில் நின்றது போட்டோ வைக்கும் ஆப். திறந்தார். பேக்கப் ஆகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பாக்கி இருநூற்றுச் சொச்சம் வீடியோ.

"என்ன வீடியோண்ணே இதெல்லாம்? ஒவ்வொண்ணும் இத்தனை பெருசு?"

டைல்ஸ்காரர் காதுவரை சிவந்தார். அவர் நிறத்துக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர் மகளோடு பேசும்போது போன் திரையை அப்படியே பதிவு செய்து வைப்பார். தினமும். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுப் பார்ப்பார். அந்தப் போனில் பதிவு செய்தால் படம்தான் வரும், குரல் வராது. மகள் வாயசைப்பது மட்டும் தெரியும். அது போதும் அவருக்கு. போன் நிறைந்துவிட்டதும் யாரோ சொல்லிக்கொடுத்த யோசனைப்படி, வைஃபையும் சார்ஜும் சேர்ந்து இருக்கும்போது வீடியோக்கள் தானாக நெட் வழியாக மேலே ஏறிச் சேர்ந்துகொள்ளும்படி செய்து வைத்தார். பகலில் வேலையிடத்தில் வைஃபை கிடையாது. இரவு பத்து மணிக்குக் காவலாளி பெட்டியை அணைத்துவிடுவார். ஆக, அவர் குளித்துவிட்டு வந்து போனைச் சார்ஜில் போட்டு மகளைக் கூப்பிடுகிற அந்த எட்டு மணிக்குத்தான், நேற்றைய மகள் மேலே ஏறத் தொடங்குவாள். ஒத்தையடிப் பாதையில் அவளே குறுக்கே நிற்பாள். இன்றைய அப்பா எப்படிப் போவார்? அவள் ஏறி முடிப்பதற்குள் பத்து மணியாகிவிடும். மறுநாள் இன்னொரு மகள் வரிசையில் வந்து சேருவாள்.

கேபிள்காரர் இதைச் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட டைல்ஸ்காரருக்குத் தேவலை என்றிருக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். இங்கே வேலிக்குத் தான் மேய்வதே தெரியவில்லை.

"தானா ஏறறதை நிறுத்திடறேன்" என்றார் கேபிள்காரர். "சேத்து வெச்சதை ஒரு பென் டிரைவ்ல போட்டுக்கலாம். இனிமே பேசறப்ப பதிவு பண்ணாதீங்க. பேசறப்ப பேசுங்க."

ஒரு விரலால் ஒரு பட்டனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான் வைத்தியம்.

எட்டு மணிக்குக் கூப்பிட்டார். மகள் வந்தாள். டைல்ஸ்காரர் நிற்கவில்லை. கை ஆட்டினார், கை ஆடியது. தலையை ஆட்டினார், தலை ஆடியது. மனைவி வந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவர் நிற்கவே இல்லை.

"பரவால்லையே" என்றாள். "என்ன பண்ணீங்க?"

"ஒரு சின்ன கோளாறு. எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது" என்றார் டைல்ஸ்காரர். பெயிண்டர் மேல்கட்டிலில் இருமினார்.

மனைவி பூரித்துப்போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். வாடகை, மாமியார் முழங்கால், கேஸ் என்று எல்லாம் பேசினாள். அவர் எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் சொன்னார். அவளுக்கு அதுவே அதிசயமாக இருந்தது. பிறகு மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். லைன் இரண்டு பக்கமும் கண்ணாடிபோல இருந்தது. இத்தனை நாளும் அவர்கள் இரண்டு பேரும் 'கேக்குதா, தெரியுதா' என்றுதான் பேசியிருந்தார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இப்போது கேட்கிறது, தெரிகிறது. அதற்குமேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை அவள், "அப்பா, தூக்கம் வருது" என்று பத்தே நிமிஷத்தில் போய்விட்டாள். அவள் பொய் சொன்னாள். தூக்கம் வந்தவள் கண் அப்படி இருக்காது. டைல்ஸ்காரர் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லைன் சரியானதும் மகளை இழந்துவிட்டோம் என்று அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"மறுபடி அந்தப் பட்டனைத் தள்ளி விட்டுடுங்களேன்" என்றார் பெயிண்டர். "நீங்க நிப்பீங்க, பாப்பா பேசும்."

"பேசும். எனக்குக் கேக்கும். நான் பதில் சொன்னா போகாதே?" என்றார் டைல்ஸ்காரர். "திங்கக்கிழமைக்குள்ள ஒரு பதில் போயாகணும்."

அப்போதுதான் அவர் அறைக்கு விஷயத்தைச் சொன்னார். டிரம், குழாய், நனைந்த பைகள், பக்கத்தில் உட்காராத பிள்ளைகள், எல்லாம். எட்டுப் பேரில் ஆறு பேருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். வெல்டர் உடனே அந்த டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

கேபிள்காரர் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லைன் நல்லா இருக்கணும், நீங்களும் நிக்கணும். அப்படித்தானே? அப்ப நீங்களே நில்லுங்க. கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. அசையாதீங்க. பாப்பா நெட் போச்சுன்னு நினைச்சுக்கும். கேட்டவுடனே பதில் சொல்லுங்க. லைன் இருக்கும், போய்ச் சேரும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒத்திகை நடந்தது. டைல்ஸ்காரர் வாயை மூடி, கண்ணைத் திறந்து, நேராகப் பார்த்து உட்கார்ந்தார்.

"இது பாஸ்போர்ட் போட்டோ" என்றார் பெயிண்டர். "நெட்ல நிக்கறவன் யாரும் லட்சணமா நிக்க மாட்டான். வாயைக் கோணுங்க. ஒரு கண்ணை இறக்குங்க. ஆங், இப்ப சரி. பாக்கவே சகிக்கல."

"பின்னாடி துண்டு ஆடுது" என்றார் கேபிள்காரர். உண்மைதான். ஆள் நின்றும் அவர் துண்டு ஆடினால் ஏழு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். மின்விசிறியை அணைத்தார்கள். மைக்கை அணைத்தால் அங்கே அடையாளம் காட்டிவிடும் என்பதால் அறையே வாயைப் பொத்திக்கொள்வது என்று முடிவாயிற்று. கதவைத் தாழிட்டார்கள். புழுக்கம் பொறுக்க முடியாமல் இருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

எட்டு மணி. முதலில் மனைவி பேசினாள். அவள் எழுந்து போகும்வரை டைல்ஸ்காரர் ஓடினார். மகள் கைக்குப் போன் வந்தது. "சாப்பிட்டியாம்மா" என்று ஆரம்பித்து, "சாப்" என்றபோதே நின்றுபோனார். வாய் கோணியிருந்தது. ஒரு கண் பாதியில் நின்றது. அவருக்குப் பின்னால் பெயிண்டர் ஒரு காலில் சாக்ஸோடு, கட்டில் ஏணியில் அப்படியே நின்றார். வெல்டர் தண்ணீர்க் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

"அப்பா?" என்றாள் மகள். "கேக்குதா?"

யாரும் மூச்சு விடவில்லை.

"அம்மா, அப்பா நின்னுட்டாரு!"

"மறுபடியுமா? வந்தா கூப்பிடு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

மகள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். போனைக் கிட்டே இழுத்தாள். நாலு நாளாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் அவள் முகத்தில் இருந்தது.

"அப்பா, நாளைக்குத் திங்கக்கிழமை. நான் இன்னும் அம்மாகிட்ட சொல்லல." கதவை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். "டீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தாங்கப்பா. உண்மையைச் சொன்னா விட்டுடறேன்னாங்க. நான் உடைக்கலன்னுதான் சொன்னேன். அது உண்மை இல்லையாம். அதனால நான்தான் உடைச்சேன்னு சொல்லிட்டேன். அப்பவும் விடல."

டைல்ஸ்காரர் அசையக் கூடாது என்று இருந்தார். கேள்வி வர வேண்டும். அவளாகக் கேட்க வேண்டும்.

"இப்ப நான் நிஜத்தைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. நானே ஒத்துக்கிட்டேன்ல. நீயும்தான் நம்ப மாட்டே. பரவால்ல. உனக்குக் கேக்காதுன்னுதான் உன்கிட்ட சொல்றேன்."

கேள்வி வரவில்லை. அவள் இந்த முறை எதையும் கேட்கவில்லை. கேட்பதை விட்டுவிட்டாள். டைல்ஸ்காரரின் திறந்திருந்த கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, கன்னத்தில் சிமெண்ட் பட்டு வெடித்திருந்த இடத்தைத் தாண்டி, கோணின வாயின் ஓரத்துக்கு வந்தது. சிமிட்டாமல் இருந்தால் கண்ணில் நீர் வரும் என்று கேபிள்காரர் பிற்பாடு சொன்னார். அவருக்கும்தான் வந்திருந்தது, அவர் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மகள் திரையை உற்றுப் பார்த்தாள். விரலால் அந்த இடத்தைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள், ஆச்சரியம் எதுவும் இல்லாமல். "அப்பா நின்னுட்டாரு. கண்ணுல தண்ணி மட்டும் வருது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. "அப்ப லைன் வந்துடுச்சுடி" என்றாள் மனைவி. "பேசு."

"பாப்பா" என்றார் டைல்ஸ்காரர். கோணின வாய் நேராக ஒரு நொடி ஆயிற்று. "நீ உடைக்கல. அந்தக் குழாய்க்கு மரை தேஞ்சிருக்கும். யார் திறந்திருந்தாலும் கையோடதான் வந்திருக்கும். நான் தினம் பாக்கறேன் அந்த மாதிரி. நான் நம்புறேம்மா. அன்னிக்கே நம்பினேன். கத்தினேன், உனக்கு வரல."

மகள் அசையவில்லை. இப்போது அவள்தான் நின்றுவிட்டாளோ என்று அவர் பயந்துபோனார். அவளுக்குப் பின்னால் காலண்டர் தாள் காற்றில் ஆடியது. லைன் இருந்தது.

"எல்லாமே கேக்குமா உனக்கு?" என்றாள்.

"எல்லாமே."

"காய் ஜன்னல்ல போட்டது?"

"அதுவும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அறையில் வெல்டரின் குவளை நடுங்கியது. பெயிண்டர் ஏணியில் கால் மாற்றினார், அது கிறீச்சிட்டது. மகள் அதைக் கவனிக்கவில்லை.

"அம்மாவை இப்ப கூப்பிடட்டா?"

"கூப்பிடும்மா."

"நான் சொல்றப்ப நீ இருப்பியா?"

"இருப்பேன்."

"நடுவுல நின்னுடாதே" என்றாள். பிறகு திரும்பி, "அம்மா!" என்று கூப்பிட்டாள்.